திங்கட்கிழமைத் தலைவலி

1

டைனமைட் தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே மண்டை பிளக்கும். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும், முகம் சிவக்கும், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வான். கூட வேலை பார்க்கிற பழைய ஆட்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுபோலவே சரியாகியும்விடும். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஆள் தெளிவாக இருப்பான். ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை காலை மறுபடி தொழிற்சாலைக்குள் கால் வைத்தால், மறுபடி அதே தலைவலி.

இதற்குத் தொழிலாளர்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை கிளம்பும்போது கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தொப்பியின் உள்பட்டையில் தடவிக்கொண்டு போவது. ஞாயிறு முழுக்க அது நெற்றித் தோலில் உரசிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை தலைவலி வராது.

அவர்கள் விழுங்கவில்லை, ஊசி போட்டுக்கொள்ளவில்லை. தோல் வழியாகவும் கொஞ்சம் மூச்சு வழியாகவும் ஒரு ரசாயனம் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மார்பில் ஒட்டிக்கொள்கிற இதய மருந்துப் பட்டை, அதாவது பேட்ச், கடைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இவர்கள் அதைத் தொப்பிக்குள் வைத்து அணிந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்தவர் டூரின் நகரத்தின் அஸ்கானியோ சொப்ரெரோ, 1847இல். அந்தக் காலத்து வேதியியலாளர்கள் வழக்கப்படி நாக்கில் வைத்துப் பார்த்தார், கடுமையான தலைவலி வந்தது, எழுதி வைத்தார். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் அதை டைனமைட் ஆக்கினார். 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் முர்ரெல் நெஞ்சுவலிக்கு அதைக் கொடுத்துப் பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிக்கிறது என்பதுதான் அதன் குணம். தலையில் விரித்தால் தலைவலி, இதயத்தில் விரித்தால் நிவாரணம். 1896இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, நோபலுக்கே இதய நோய்க்காக நைட்ரோகிளிசரினைச் சிபாரிசு செய்தார்கள். விதியின் கேலி என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். நோயாளிகளும் மருந்துக்கடைக்காரரும் பயந்துவிடக்கூடாது என்று அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்களாம்.

இன்றும் நெஞ்சுவலிக்காரர்கள் அந்த மாத்திரையை நாக்குக்கு அடியில்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஏன் விழுங்குவதில்லை? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

2

வாய் வழியாக விழுங்குகிற எதுவும் நேராக உடம்புக்குப் போவதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டதும் ஒரு தனி ரத்தக்குழாய் அதை முதலில் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. ஊருக்குள் நுழைகிற எல்லா லாரியும் ஒரே சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போகணும் என்கிற மாதிரி. நாம் தின்பதில் விஷம் கலந்திருக்கலாம் என்ற அனுமானத்தில் கட்டப்பட்ட ஏற்பாடு அது. அந்தச் சாவடிக்கு விஷமும் மருந்தும் ஒன்றுதான். சில மருந்துகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது, சிலவற்றைப் பாதி பிடித்துக்கொள்கிறது. நைட்ரோகிளிசரினை விழுங்கினால் கிட்டத்தட்ட முழுவதையும் உடைத்துப் போட்டுவிடும். நூறு பங்கு போனால் ஓரிரு பங்கு மிஞ்சுவதே கஷ்டம்.

நாக்கின் அடியில் இருக்கிற ரத்தக்குழாய்கள் கல்லீரலுக்குப் போவதில்லை, நேராக இதயப் பக்கம் போகின்றன. அதனால்தான் ஓரிரு நிமிடத்தில் வலி குறைகிறது. ஆனால் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்தும் போகிறது. வலி வந்தபின் அணைக்க இது போதும். நாள் முழுக்க வராமல் தடுக்க வேண்டுமென்றால்?

அதற்கு முதலில் களிம்பாகத் தோலில் தடவிப் பார்த்தார்கள். டியூபிலிருந்து ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று கோடு போட்ட காகிதத்தின் மேல் பிதுக்கி மார்பில் அப்பிக்கொள்வது. சட்டையெல்லாம் பிசுபிசுக்கும், அளவும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நைட்ரோகிளிசரின் பேட்ச்கள் விற்பனைக்கு வந்தபோது டாக்டர்களும் நோயாளிகளும் அதைக் கொண்டாடியது இயல்புதான். காலையில் ஒட்டினால் முடிந்தது.

தோலின் மேல்படலம் பத்து இருபது மைக்ரான் தடிமன்தான், தாளைவிட மெல்லிசு. இறந்த செல்கள் செங்கல், நடுவில் கொழுப்பு பூச்சுக் கலவை என்று கட்டிய சுவர். தண்ணீரில் மட்டும் கரைகிற மருந்து அந்தக் கொழுப்பில் நுழையாது. பெரிய மூலக்கூறும் நுழையாது. இன்சுலின் பேட்ச் ஏன் இல்லை என்பதற்குப் பதில் இதுதான். சின்னதாக, கொஞ்சம் எண்ணெய்த்தன்மையோடு, சில மில்லிகிராமிலேயே வேலை செய்கிற மருந்துதான் தோலைத் தாண்டிப் பயன்படும். நைட்ரோகிளிசரின் எல்லாத் தகுதியும் உள்ள மாப்பிள்ளை. தொப்பிக்காரர்கள் அதை ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

தோல் எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இருவர் 1967இல் ஒரே மருந்தை உடம்பின் வெவ்வேறு இடங்களில் தடவி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை ஒன்று என்று வைத்தால் நெற்றியில் ஆறு, தாடை ஓரத்தில் பதின்மூன்று, விதைப்பைத் தோலில் நாற்பத்திரண்டு. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்கு. பேட்ச் அட்டையில் இந்த இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று படம் போட்டிருப்பது அழகுக்காக அல்ல.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அந்த முதல் தலைமுறைப் பேட்ச்களில் ஒன்று பத்து சதுர சென்டிமீட்டர் இருக்கும். உள்ளே 25 மில்லிகிராம் மருந்து. அது மணிக்கு 0.2 மில்லிகிராம் வீதம், 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 5 மில்லிகிராம் கொடுக்கும். அப்படியென்றால் கழற்றி எறியும்போது உள்ளே இன்னும் 20 மில்லிகிராம் இருக்கிறது. எதற்கு இந்த வீண்? மருந்து செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாக நகர்கிறது, தள்ளிவிட மோட்டார் எதுவும் கிடையாது. பேட்ச்சுக்குள் மருந்து தீரத்தீர வேகமும் குறையும். வேகம் கடைசி மணி வரைக்கும் ஒரே சீராக இருக்க வேண்டுமென்றால் கடைசி மணியிலும் உள்ளே தாராளமாக மிச்சம் இருக்க வேண்டும். நான் வேலை பார்க்கிற உலகில் இதற்கு ரேட் லிமிட்டர் என்று பெயர். பின்னால் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் நொடிக்கு இவ்வளவுதான் விடுவேன் என்கிற வாசல்.

ஆக, கல்லீரலைச் சுற்றிப் போயாயிற்று, நாள் முழுக்க ஒரே அளவும் வந்தாயிற்று. சந்தோஷம் சில வருடங்கள்தான் நீடித்தது. காலையில் ஒட்டிய சில மணி நேரத்துக்கு நோயாளி நன்றாக நடக்கிறார். 24 மணி நேரம் முடியும்போது அதே பேட்ச், ரத்தத்தில் அதே அளவு மருந்து, ஆனால் எதுவும் ஒட்டாதவர் மாதிரியே நெஞ்சுவலி வருகிறது. 1980களின் பிற்பகுதியில் பெரிய ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். அளவைக் கூட்டினாலும் அதே கதை. மருந்து வருவது நிற்கவில்லை, ரத்தக்குழாய்கள் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிட்டன.

டைனமைட் தொழிற்சாலையில் இது எப்போதோ தெரிந்த விஷயம். புதன், வியாழனில் தலைவலி போய்விடுகிறது என்றால் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் கலைகிறது, திங்கட்கிழமை மருந்து மறுபடி வேலை செய்கிறது. தொழிலாளிக்கு அந்த வேலை தலைவலி. இதய நோயாளிக்கோ அதுதான் தேவை. ஆகவே தீர்வு, பேட்ச்சுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுப்பது. இன்று 12 முதல் 14 மணி நேரம் ஒட்டியிருக்கச் சொல்வார்கள், பிறகு கழற்றிவிட்டு 10 முதல் 12 மணி நேரம் வெறும் தோல். பெரும்பாலும் இரவில் கழற்றுவது.

இதற்கும் ஒரு விலை உண்டு. கழற்றிய நேரத்தில் சிலருக்கு வலி எட்டிப்பார்க்கும். அதுவும் தொழிற்சாலையில் நடந்ததுதான். வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்கு வேலையில் அல்ல, விடுமுறையில்தான் நெஞ்சுவலி வந்தது, சிலர் திடீரென்று இறந்தார்கள். அவர்களுடைய இதயக்குழாய்களில் பெரிய அடைப்பும் இல்லை என்று 1972இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. வாரம் முழுக்க விரித்துவிட்ட குழாய், மருந்து நின்றதும் இறுக்கிக்கொண்டது. அதனால்தான் இரவில் வலி வருகிறவர்களுக்கு டாக்டர் கழற்றும் நேரத்தை மாற்றுவார், அல்லது கூட வேறு மருந்து சேர்ப்பார்.

பேட்ச்சின் வசதி, மெதுவாக, சீராக, ஓயாமல் கொடுப்பது. நைட்ரோகிளிசரினைப் பொறுத்தவரை அதன் கோளாறும் அதே ஓயாமைதான். இந்த வடிவத்தை மற்ற வழிகளிலும் பார்க்கப்போகிறோம். எந்தக் குணத்துக்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதே குணம்தான் நம்மைக் கவிழ்க்கிறது.

3

தோல் மெதுவானது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபென்டனில் பேட்ச் உதாரணம். புற்றுநோய் வலிக்குத் தருகிற, மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமான மருந்து. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ கட்டி இருந்து விழுங்க முடியாதவர்களுக்கு, ஓயாமல் வாந்தி எடுக்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு பேட்ச் மூன்று நாள் வரும்.

ஒருவருக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் பேட்ச் ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்து உடனே ரத்தத்துக்குப் போகாது. முதலில் பேட்ச்சுக்கு அடியில் தோலின் கொழுப்பில் சேர்ந்து ஒரு கிட்டங்கி மாதிரி நிரம்புகிறது. அதிலிருந்துதான் ரத்தத்துக்குக் கசிகிறது. மதியம் அவருக்கு வலி அப்படியே இருக்கும். ராத்திரிதான் லேசாகக் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மறுநாள் ஆகலாம். அதுவரை பழைய வலி மருந்தை நிறுத்தக்கூடாது. இது தெரியாத மகனோ மகளோ, "ஒட்டி ஆறு மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே கேக்கல, இன்னொண்ணு ஒட்டிடலாமா?" என்று நினைத்தால் அங்கே ஆபத்து ஆரம்பிக்கிறது. இரண்டு கிட்டங்கியும் நிரம்பி விடியற்காலையில் ஒன்றாகத் திறக்கும். ஆள் அசந்து தூங்குவார், மூச்சு குறையும்.

சரி, பதறிப்போய்க் கழற்றிவிட்டால்? பேட்ச்தான் போகிறது, தோலுக்குள் இருக்கிற கிட்டங்கி போகாது. கழற்றிய பின் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எழுப்பினால் எழாமல் தூங்குவது, குறட்டை போன்ற விட்டுவிட்ட மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, இவைதான் அடையாளங்கள். ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து கொடுத்து எழுப்பினாலும் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் கிட்டங்கி மருந்து மாற்று மருந்தைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். காய்ச்சலோ, வெந்நீர் ஒத்தடமோ, வெயிலோ தோலைச் சூடாக்கினால் கசிவு வேகமாகும். பேட்ச்சின் மேல் ஒத்தடம் கொடுக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

முன்பு பார்த்த மிச்சக் கணக்கு இங்கே உயிர்க்கணக்காக மாறுகிறது. மூன்று நாள் கழித்து எறிகிற ஃபென்டனில் பேட்ச்சில் பாதிக்கு மேலேயும் மருந்து மிஞ்சியிருக்கலாம். குப்பைத்தொட்டியில் கிடந்ததைக் குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டோ வாயில் போட்டோ இறந்திருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் விடுத்த எச்சரிக்கையில், அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் இப்படி 26 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகவும் பத்துப் பேர் இறந்ததாகவும் சொல்லியிருந்தது. ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்பது அவர்கள் தந்த அறிவுரை. மற்ற மருந்துகளுக்கு அப்படிச் சொல்வது அபூர்வம்.

4

பேட்ச் வரலாற்றில் நைட்ரோகிளிசரினுக்கும் மூத்தது ஒன்று உண்டு. 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற கடல்பயண வாந்தி பேட்ச். அதில் இருப்பது ஸ்கோபோலமைன். நம் ஊர் ஊமத்தைச் செடியில் இருக்கும் அதே சரக்கு.

ஊமத்தைக்கு இன்னொரு பழைய வழியும் இருந்தது. ஆஸ்துமாக்காரர்கள் அதைக் காயவைத்துப் புகைப்பது. 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி இந்த வழக்கத்தைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடமிருந்து அவர் அதைத் தெரிந்துகொண்டார் என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. பிறகு நூறு வருடத்துக்கு மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரில் அது விற்றது. மூச்சு இரைக்கிறவனுக்குப் புகை கொடுப்பது கேட்க விபரீதம்தான், ஆனால் கொஞ்சம் வேலை செய்தது. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்துகிற மருந்து அந்தத் தசையின் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது.

மூச்சு வழியைத் தேர்ந்தெடுப்பதன் நோக்கம் அதுதான். பேட்ச்சில் மருந்து உடம்பு முழுக்கப் பரவ வேண்டும் என்று விரும்புகிறோம். ஆஸ்துமாவில் பரவக்கூடாது என்று விரும்புகிறோம். சால்பியூட்டமால் மாத்திரையாக என்றால் பெரியவருக்கு இரண்டு முதல் நான்கு மில்லிகிராம். இன்ஹேலரின் ஒரு அழுத்தலில் அதே மருந்து 0.1 மில்லிகிராம்தான். இருபது நாற்பது மடங்கு குறைவு, பலன் அதைவிடச் சீக்கிரம், கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கம்மி.

கையடக்க இன்ஹேலர் பிறந்தது 1955இல். லாஸ் ஏஞ்சலஸில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசன். அவருடைய பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போது ரப்பர் குமிழை அமுக்கித் தெளிக்கிற கண்ணாடிக் கருவிதான் இருந்தது, உடையும், ஒவ்வொரு தடவையும் வருகிற அளவு வேறு. ஹேர் ஸ்பிரே டப்பாவில் வருகிற மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது என்று அந்தப் பெண் அப்பாவிடம் கேட்டாள். கம்பெனியின் வேதியியலாளர் இர்விங் போருஷ் குளிர்ப்பெட்டி வாயுவையும், வாசனைத் திரவியத்துக்காகச் செய்திருந்த ஓர் அளவு வால்வையும் சேர்த்து வேலையை முடித்தார். ஒரு தடவை அமுக்கினால் ஐம்பது மைக்ரோலிட்டர், ஒரு சின்னத் துளி. 1956இல் அது கடைக்கு வந்துவிட்டது.

ஆனால் அமுக்கியதெல்லாம் நுரையீரலுக்குப் போவதில்லை. தொண்டையில் ஒரு வளைவு இருக்கிறது. வேகமாக வருகிற பஸ் வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் ஒரு பக்கமாகப் போய் விழுவார்கள் இல்லையா, அதுபோல ஐந்து மைக்ரானுக்கு மேல் பெரிதான துளிகள் திரும்ப முடியாமல் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னவை, அரை மைக்ரானுக்கும் கீழே என்றால், உள்ளே போய் அப்படியே மூச்சோடு வெளியே வந்துவிடும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டவைதான் மூச்சுக்குழாயில் தங்கும். கதிரியக்கத் தடம் போட்டு 1980களில் அளந்தபோது, சரியாகப் பயன்படுத்தினால்கூட நுரையீரலைத் தொட்டது பத்தில் ஒரு பங்கு. எண்பது சதவீதம் தொண்டையில் படிந்து வயிற்றுக்குத்தான் போனது.

இன்ஹேலர் பயன்படுத்தச் சொல்லித்தரும்போது கொடுக்கிற ஒவ்வொரு கட்டளையும் இந்த வளைவிலிருந்து வருகிறது. மெதுவாக இழு, ஏனென்றால் வேகம் கூடினால் வளைவில் மோதும். இழுக்கத் தொடங்கியதும் அமுக்கு, முன்னால் அமுக்கினால் வாயிலேயே படியும். பிறகு பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துக்கொள், ஏனென்றால் சின்னத் துளிகள் தங்கள் எடையால் மெல்லக் கீழே படிய அந்த நேரம் வேண்டும். வீசிங் வருகிற குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை மாட்டித் தருகிறார்கள். பெரிய துளிகள் தொண்டைக்குப் பதில் அந்தக் குடுவைச் சுவரில் மோதிக்கொள்ளும், துளிகளின் வேகமும் அடங்கும்.

இங்கே ஒரு திருப்பம். விழுங்கப்பட்ட அந்த எண்பது சதவீதம் கல்லீரலுக்குப் போகிறது, இந்தத் தடவை கல்லீரல் நம் கட்சி. ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்துக்கொண்டால், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்புக்கு வராது, கல்லீரல் மடக்கிவிடும். நைட்ரோகிளிசரின்காரர்கள் சுற்றி ஓடிய அதே சோதனைச்சாவடிக்கு ஏற்றபடிதான் இந்த மருந்துகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தொண்டையில் ஒட்டியது மட்டும் பாக்கி. அதைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

மூச்சு வழியின் வசதி வேகம். அதன் ஏமாற்றும் வேகம்தான். 1960களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. ஐசோபிரினலின் என்ற மருந்தை ஐந்து மடங்கு செறிவில் அடைத்த இன்ஹேலர் விற்ற நாடுகளில் இது நடந்தது, அது விற்காத அமெரிக்காவில் நடக்கவில்லை. இதயத்தைத் தாக்கியதா, அல்லது உடனடி நிவாரணம் கிடைத்ததால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்களா என்று நீண்ட காலம் விவாதித்தார்கள். இரண்டாவது காரணத்தை இன்றும் பார்க்கலாம். குழாயை விரிக்கிற மருந்து உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பதில்லை. நீல இன்ஹேலரை நாலு மணி நேரம் தாங்காமல் திரும்பத் திரும்பத் தேடுகிறவருக்கு ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, எத்தனை நிமிடத்தில் சுகம் கிடைத்தாலும் சரி.

5

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வரும், அல்லது முகம் சுளிக்கும். ஆசனவாய். ஆனால் வாந்தி எடுக்கிற குழந்தைக்கு, வலிப்பில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு, நினைவில்லாமல் கிடப்பவருக்கு வாய் மூடிய கதவு. ஊசி போட நர்ஸ் வேண்டும். இந்த வழிக்கு ஒரு தாயோ பக்கத்துவீட்டுக்காரரோ போதும்.

குடலின் கடைசிப் பகுதியில் ஒரு விசித்திரம். மேல்பாதியிலிருந்து புறப்படும் ரத்தம் கல்லீரலுக்குப் போகிறது, கீழ்ப்பாதி ரத்தம் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகிறது. ஆகவே மருந்து எவ்வளவு உள்ளே தள்ளப்பட்டது, உருகி எவ்வளவு மேலே ஏறியது என்பதைப் பொறுத்து உடம்புக்குக் கிடைப்பது மாறும். சிறுகுடலில் இருக்கும் விரல் போன்ற மடிப்புகள் இங்கே கிடையாது. பரப்பு ஒரு உள்ளங்கையைவிட ஒன்றிரண்டு மடங்கு இருக்கும், உள்ளே இருக்கும் ஈரமோ ஓரிரு மில்லிலிட்டர்தான். மலம் இருந்தால் மருந்து அதிலேயே கலந்துவிடும்.

இதையெல்லாம் அறியாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு ஜனாதிபதியின் கதை சாட்சி. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். சீழ் பிடித்து, வாயில் எதைக் கொடுத்தாலும் வாந்தி. மருத்துவர் பிளிஸ் மாட்டிறைச்சிச் சாறு, முட்டை மஞ்சள்கரு, விஸ்கி எல்லாவற்றையும் எனிமாவாகக் கொடுத்து வாரக்கணக்கில் உயிரை இழுத்தார், அதைப் பெருமையாகப் புத்தகமாகவும் எழுதினார். உண்மையில் அங்கே தண்ணீர் ஏறும், உப்பு ஏறும், சாராயம் ஏறும். சாற்றின் புரதத்தை உடைக்கவும் முடியாது, உறிஞ்சவும் முடியாது. 95 கிலோ ஆள் 60 கிலோ அளவுக்கு வற்றி, செப்டம்பர் 19ஆம் தேதி இறந்தார். கிருமித் தொற்றுதான் கொன்றது என்றாலும் கூடவே பட்டினியும் கிடந்தார், அவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது.

ஆக, இந்த வழிக்கு ஏற்ற மருந்துக்கு இரண்டு தகுதி வேண்டும். அங்கிருந்தே ஏற வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆளைக் கொல்லாததாக இருக்க வேண்டும், ஏனென்றால் அளவு நம் கையில் இல்லை. ஃபென்டனிலுக்கு இரண்டாவது தகுதி அறவே இல்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட்டுக்கு இரண்டும் உண்டு. ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தையைவிடப் பல மடங்கு வித்தியாசமாக ஏறினாலும், குறைவாக ஏறியவர்களிடமும் ரத்தத்தில் கிருமிகள் சரிகின்றன, அதிகம் ஏறியவர்களுக்குப் பெரிய தீங்கு இல்லை.

பங்களாதேஷ், கானா, தான்சானியா கிராமங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வாயில் எதுவும் இறங்காத மலேரியா நோயாளிக்குக் கிராமத்திலேயே ஒரு மாத்திரையை ஆசனவாயில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, பாதிப்பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. முடிவு 2009இல் லான்செட்டில் அச்சானது. சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மணி நேரம் கழித்தும் போய்ச் சேராதவர்களில் மரணமோ நிரந்தர ஊனமோ 3.8 சதவீதத்திலிருந்து 1.9 ஆகக் குறைந்தது, சரியாகப் பாதி. இன்று ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பரிந்துரை. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம், ஒரே தடவை. அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டால் இன்னொன்று வைத்துப் பத்து நிமிடம் பிட்டத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரி.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். 2018 முதல் 2020 வரை காங்கோ, நைஜீரியா, உகாண்டாவில் இந்த மாத்திரையைப் பெரிய அளவில் விநியோகித்துப் பார்த்தபோது குழந்தை மரணங்கள் குறையவில்லை. மருந்து மாறவில்லை, குடலும் மாறவில்லை. குழந்தை கொஞ்சம் தெளிந்ததும் சில குடும்பங்கள் கிளம்பவில்லை, கிளம்பியவர்களில் பலருக்கு அங்கே முழுச் சிகிச்சை கிடைக்கவில்லை. ஒரு மாத்திரை கிருமிகளைக் குறைக்கும், ஒழிக்காது. இரண்டு மூன்று நாளில் அவை திரும்பப் பெருகும். 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இதை விரிவுபடுத்துவதை நிறுத்தி வைக்கச் சொன்னது. 2023இல், மேல்சிகிச்சைக்கு வழி இருக்கும் இடங்களில் மட்டும் என்ற நிபந்தனைகளோடு மறுபடி அனுமதித்தது.

கல்லீரலைச் சுற்றிப் போக மனிதன் மூன்று பின்வாசல்களைக் கண்டுபிடித்திருக்கிறான். பேட்ச் கொடுப்பது நீளம், இன்ஹேலர் கொடுப்பது வேகம், ஆசனவாய் மாத்திரை கொடுப்பது அவகாசம். கிராமத்தில் அந்த மாத்திரையை வைத்த கணத்திலிருந்து அந்தக் குழந்தைக்குச் சில மணி நேரங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. வண்டி அதற்குள் வர வேண்டும், போய்ச் சேர்கிற இடத்தில் மருந்து இருக்க வேண்டும்.